மழை பெய்தால் விலை ஏறுமா?

பங்கு இல்லத் தாழ்வாரத்தில் மாலை வேளைகளில் படிக்க வரும் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளின் பொருளியல் பயிற்சித்தாளில் அட்டவணைக் கணக்கு ஒன்று தவறாமல் இடம்பெறும். ஒரு நிரலில் விலை, அடுத்ததில் தேவை, மூன்றாவதில் அளிப்பு. விலை எங்கே நிற்கும், ஏதேனும் மாறினால் எப்பக்கம் நகரும் என்று கேட்பார்கள். நெல்லுக்கு அப்படி ஒன்றை நாமே எழுதிப் பார்ப்போம். எண்கள் கற்பனையே; விலை குவிண்டாலுக்கு ரூபாயில், அளவு ஆயிரம் மூட்டைகளில்.

| விலை | தேவை | அளிப்பு |
|---|---|---|
| 2,500 | 30 | 60 |
| 2,300 | 35 | 50 |
| 2,100 | 40 | 40 |
| 1,900 | 45 | 30 |
| 1,700 | 50 | 20 |

2,100 ரூபாயில் இரண்டும் 40. அதுவே சமநிலை விலை. 2,300 ரூபாயில் விற்க வருவது 50, வாங்கப்படுவது 35. மிஞ்சும் 15 விலையைக் கீழே இழுக்கும். இதுவரை பிள்ளைகள் தடுமாறுவதில்லை. அடுத்த அடியில்தான் சிக்கல். விலை ஏறினால் தேவை குறையும், தேவை குறைந்தால் விலை இறங்கும், இறங்கினால் தேவை கூடும் என்று செக்குமாடுபோல் சுற்றிக் கேள்வியையே மறந்துவிடுவார்கள். விலை மாறும்போது நாம் ஒரு வரியிலிருந்து வேறு வரிக்குப் போகிறோம். நிரல் அப்படியே இருக்கிறது. விலையல்லாத வேறொன்று மாறினால்தான் நிரலையே அழித்து எழுத வேண்டும். எந்த நிரலை என்று முதலில் தீர்மானித்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

"அறுவடைக் காலத்தில் கனமழை பெய்தது, விலை என்னாகும்?" என்பது வழக்கமான கேள்வி. அளிப்பு குறையும், விலை ஏறும் என்பது விடைக்குறிப்பு. நம் தஞ்சை மண்ணின் பிள்ளைகள் இவ்விடத்தில் எழுதுகோலை வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையில் சிக்கும்போது என்ன நடக்கிறது என்பதை வீட்டிலேயே கண்டவர்கள் அவர்கள்.

அட்டவணையில் இல்லாத நான்காம் நிரல் ஒன்று நம் ஊரில் உண்டு. 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 131 சேர்ந்து 2,500. நம் அட்டவணையின் முதல் வரியைப் பாருங்கள். அவ்விலையில் 60 வருகிறது, வியாபாரிகள் கேட்பது 30. மீதி 30 ஆயிரம் மூட்டையைத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வாங்கினால்தான் 2,500 என்பது விலை. வாங்காவிட்டால் அது அறிவிப்புப் பலகையில் எழுதிய எண்.

அந்த நான்காம் நிரலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சில ஆண்டுகளில் மத்திய அரசு இதைத் தளர்த்தியதுண்டு. எனினும் தளர்வு வரும்வரை நெல் காத்திராது. மழை விடாமல் பெய்தால் நான்காம் நிரல் ஏறக்குறைய பூச்சியமாகிறது. அறுத்துச் சாலையோரம் குவித்த நெல் சில நாள்களில் முளைவிடும். அறுவடை இயந்திரத்தின் வாடகையும் கொடுத்தாக வேண்டும். ஆகவே குவிந்திருப்பது 40 என்றால், எந்த விலையிலும் அளிப்பு 40தான். தேவையும் சுருங்குகிறது. ஈரநெல் காயும்போது எடை குறையும். அரைத்தால் குருணையும் நிறம் மாறிய அரிசியும் மிகும். ஒவ்வொரு வரியிலும் வியாபாரியின் தேவை 20 குறைவதாகக் கொள்வோம். 2,100 ரூபாயில் 20, 1,900 ரூபாயில் 25. அதே படிகளில் தொடர்ந்து இறங்கினால் 40 மூட்டையும் போவது 1,300 ரூபாயில்.

விடைக்குறிப்பு பொய்யில்லை. சாய்ந்த பயிரின் இழப்பால், எங்கோ கிடங்கில் காய்ந்த நெல் வைத்திருப்பவருக்கு விலை ஏறலாம். அதே நாளில் களத்துமேட்டில் இறங்குகிறது. இவை இரண்டு பொருள்கள், இரண்டு அட்டவணைகள்; வினாத்தாளோ வெறுமனே 'நெல்' என்கிறது.

இனி ஒரே ஒரு மாற்றம் செய்வோம். நல்ல தார்ப்பாயும், தண்ணீர் தேங்காத சிமெண்டுக் களமும், உலர்த்தும் இயந்திரமும் ஊருக்குள் இருக்கின்றன. உழவர் பொறுத்திருக்க முடியும் என்பதால் அளிப்பு நிரல் பழையபடியே நிற்கும். வியாபாரியின் தேவை மட்டும் குறைந்தே இருக்கட்டும். 1,900 ரூபாயில் அளிப்பு 30, தேவை 25. 1,700 ரூபாயில் அளிப்பு 20, தேவை 30. விலை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும். 1,300 ரூபாயோடு ஒப்பிட்டால் குவிண்டாலுக்கு 400 ரூபாய்க்கு மேல் வேறுபாடு. ஒரு மணி நெல் கூடவுமில்லை, குறையவுமில்லை. காத்திருக்கும் வலிமை மட்டுமே மாறியது.

வெயில் காயும் நாளிலும் நான்காம் நிரல் சுருங்குவதுண்டு. வாங்கிய மூட்டைகளை ஏற்றிச்செல்ல லாரி வராவிட்டால் நிலையத்தில் இடமிராது. இடமில்லையென்றால் கொள்முதல் நிற்கும். இதை அறியச் செய்தித்தாள் வேண்டாம். நிலையத்து முற்றத்தில் எடைபோட்ட 40 கிலோ மூட்டைகள் அடுக்கடுக்காய் நகராமல் நிற்கும். வாயிலில் காத்திருக்கும் குவியல்களின் வரிசை நாளுக்கு நாள் நீளும். அதைப் பார்த்த வியாபாரி முந்தின நாள் சொன்ன விலையை மறுநாள் சொல்வதில்லை.