ஒரு லட்சம் கோடியும் விடுபடாத ஒரு சுழியமும்

சென்ற மாதம் என் கட்டுரையின் மெய்ப்பு திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரு கேள்வி இருந்தது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளைப் பற்றிய பத்தியில் 1,00,000 கோடி ரூபாய் என்று எழுதியிருந்தேன். வெளிநாட்டிலிருந்து மெய்ப்புப் பார்த்தவர் அந்த எண்ணைச் சுற்றி வட்டமிட்டு, இங்கே ஒரு சுழியம் விடுபட்டுள்ளதா என்று கேட்டிருந்தார். மூன்று மூன்று இலக்கங்களாகக் காற்புள்ளி இட்டுப் பழகிய கண்ணுக்கு, இரண்டு சுழியங்களோடு நிற்கும் அந்த நடுத்துண்டு அச்சுப்பிழையாகவே தெரியும். அவர் கேட்காமல் தாமே திருத்தியிருந்தால் அது பத்து லட்சம் கோடியாகியிருக்கும். நானும் கவனித்திருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு விடையெழுத உட்கார்ந்தபோதுதான், என் தொகையே எவ்வளவு தளர்வாக நிற்கிறது என்பது தெரிந்தது.

2011-இல் உச்ச நீதிமன்ற ஆணையின்படி நிலவறைகள் திறக்கப்பட்டுப் பொருள்கள் பட்டியலிடப்பட்டன. பி என்று குறிக்கப்பட்ட அறை மட்டும் திறக்கப்படவில்லை. அந்த ஜூலையில் நாளிதழ்களில் வந்த தொகைதான் ஒரு லட்சம் கோடி. அது மதிப்பீட்டாளர் கையொப்பமிட்ட கணக்கன்று. செய்தியாளர் வழியே பரவிய உத்தேசம். தமிழிலோ மலையாளத்திலோ அதைக் கேட்பவருக்கு அந்த உத்தேசத் தன்மை சொல்லிலேயே கேட்டுவிடும். லட்சம் கோடி என்பது நம் காதில் ஓர் அளவின் பெயர். யாரும் அதைக் கடைசி ரூபாய் வரை நம்புவதில்லை. வெளிநாட்டு இதழ்களில் அதுவே 22 பில்லியன் டாலர் ஆயிற்று. ஒரே ஓர் இலக்கத்தை நம்பிச் சொல்லப்பட்ட எண்ணுக்கு இரண்டு இலக்கத் துல்லியம் வந்து சேர்ந்தது. என் முதல் வரைவில் நானும் 22.2 என்று தசமப்புள்ளி வைத்து எழுதியிருந்தேன். வகுத்தால் அப்படித்தான் வருகிறது என்பதைத் தவிர அந்தப் புள்ளிக்கு எந்த ஆதாரமும் இல்லை.

என் நெறியாளரிடம் காட்டினேன். "டீச்சர், டாலரில் மட்டும் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?" என்றேன். அவர், "தீராது. நீ இரண்டு வேலையை ஒன்றாகச் செய்கிறாய். அலகை மாற்றுவது ஒன்று, நாணயத்தை மாற்றுவது வேறொன்று" என்றார்.

அலகு மாற்றம் என்றும் மாறாதது. 10^5 × 10^7 = 10^12. ஒரு லட்சம் கோடி ரூபாய் என்றால் ஒரு டிரில்லியன் ரூபாய். நேற்றும் இன்றும் அதேதான். நாணய மாற்றமோ ஒரு நாளுக்கு உரியது. 2011 ஜூலையில் ஒரு டாலர் ஏறத்தாழ 45 ரூபாய். ஆகவே 22 பில்லியன். 2024-இல் ஏறத்தாழ 83 ரூபாய். அதே டிரில்லியன் ரூபாய் 12 பில்லியன் டாலராகச் சுருங்கிவிடுகிறது. திரும்பி வரும் வழியில்தான் உண்மையான ஆபத்து. ரூபாய்த் தொகையைக் காணாத ஒருவர் பழைய 22 பில்லியனை மட்டும் எடுத்துக்கொண்டு 83-ஆல் பெருக்கினால் 1.83 லட்சம் கோடி கிடைக்கும். எந்த அறையும் திறக்கப்படாமல், ஒரு காசும் கூடாமல், புதையல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். தங்கத்தின் விலை உயர்ந்தது வேறு கணக்கு. அதை இதனோடு கலந்தால் எது எதனால் வளர்ந்தது என்று பிரிக்கவே முடியாது.

ஆகவே இப்போது எழுதும் முறை இது. மூலத்தில் உள்ளபடி ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று சொற்களால் முதலில் எழுதுகிறேன்; காற்புள்ளிச் சண்டையே எழாது. அடுத்து, பிறை அடைப்புக்குள் ஒரு டிரில்லியன் ரூபாய். தேவையென்றால் மட்டும் மூன்றாவதாக டாலர், எந்த மாதத்து மாற்று வீதம் என்ற குறிப்போடு. மூன்றாவதை யாரேனும் வெட்டிவிட்டாலும் முதல் இரண்டும் நிற்கும். டிரில்லியன் என்ற சொல்லும் எல்லா மொழியிலும் ஒன்றல்ல. ஜெர்மன் வழக்கில் 10^12-க்குப் பெயர் பில்லியன். பிரிட்டனின் அரசு வழக்கேகூட 1974-இல்தான் பில்லியனை ஆயிரம் மில்லியனாக உறுதிசெய்தது. எனவே கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் அடுக்குக் குறியையும் சேர்த்துவிடுகிறேன்.

கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி 2019-இல் வெளியிட்ட மசாலா பத்திரத்தை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவினை தெளிவாகும். லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அந்தப் பத்திரத்தின் தொகை 2,150 கோடி ரூபாய். வெளிநாட்டு வாசகருக்கு அது 21.5 பில்லியன் ரூபாய். கடன் ரூபாயிலேயே வாங்கப்பட்டது. மாற்று வீதம் ஏறி இறங்கினால் இழப்பும் ஆதாயமும் வாங்கியவருடையது. அதை டாலரில் மட்டும் எழுதினால், வாரியம் டாலர் கடன் வாங்கியது என்று வாசகர் புரிந்துகொள்ளக்கூடும். அங்கே தவறாவது எண்ணன்று, கடனின் இயல்பு.

பெருந்தொகைகளில் பிழை செய்தால் யாரேனும் கேட்பார்கள். சிறிய தொகைகளில்தான் மாட்டிக்கொண்டேன். ஓர் அறநிலையத்தின் செலவு அட்டவணையில் தலைப்பு, ரூபாய் லட்சத்தில் என்று இருந்தது. பழுதுபார்ப்புச் செலவு 4,860. வெளிநாட்டு இதழுக்காகத் தலைப்பை மில்லியன் என்று மாற்றினேன். எண்களைத் தொட மறந்தேன். 4,860 லட்சம் என்றால் 48.6 கோடி, அதாவது 486 மில்லியன். என் அட்டவணையில் அது பத்து மடங்காகி நின்றது. அட்டவணைக்குள் எல்லா வரிசையும் ஒரே அளவில் வீங்கியிருந்ததால் கூட்டுத்தொகை சரியாகவே வந்தது. விழுக்காடுகளும் சரி. கட்டுரையின் உடலில் வேறோர் இடத்தில் 48.6 கோடி என்று எழுதியிருந்ததால்தான் பிடிபட்டது.

இந்த மறதிக்கு ஒரு காரணமும் இருக்கிறது. லட்சத்திலிருந்து மில்லியனுக்குப் போகப் பத்தால் வகுக்க வேண்டும். கோடியிலிருந்து மில்லியனுக்குப் போகப் பத்தால் பெருக்க வேண்டும். இரண்டும் எதிர்த்திசை. ஒரே கட்டுரையில் இரண்டு அலகுகளும் வரும்போது கை தன் பழக்கத்துக்குப் போய்விடும். நமது ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டிலேயே சில ஆண்டுப் பதிப்புகள் பில்லியனிலும் வேறு ஆண்டுப் பதிப்புகள் கோடியிலும் இருக்கின்றன. இரண்டையும் ஒட்டித் தொடர் வரிசை அமைப்பவர், ஒட்டிய ஆண்டில் எண் திடீரென நூறு மடங்கு தாவுகிறதா என்று பார்த்தால் போதும். அது பொருளாதார நிகழ்வன்று.

என் அட்டவணைக்கு இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மில்லியனில் மாற்றிய ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் எண்ணை எடுத்து, பத்தால் வகுத்து, கோடியில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பிரகாரத்தைப் பழுதுபார்க்க நானூற்று எண்பத்தாறு கோடி என்று காதில் விழுந்தால், நாகர்கோவில்காரனுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். மில்லியனில் அந்தச் சந்தேகம் எனக்கு வருவதில்லை. இலங்கை நண்பர்கள் தமிழிலேயே மில்லியன் என்று எழுதிப் பழகியவர்கள். அவர்களுக்கு ஒருவேளை நேர்மாறாக இருக்கலாம்.

மெய்ப்புப் பார்த்தவருக்கு, சுழியம் எதுவும் விடுபடவில்லை என்று விடை அனுப்பினேன். காற்புள்ளி நம் வழக்கப்படி இடப்பட்டது என்பதையும், தொகை நாளிதழ் உத்தேசம் என்பதையும் குறித்தேன். டாலர் எண்ணிலிருந்த தசமத்தை நீக்கச் சொன்னேன். மறுநாளே நன்றி எழுதி, அடுத்த பக்கத்தில் இருந்த இன்னொரு 12,50,000-ஐச் சுட்டிக்காட்டியிருந்தார்.