கடைசிக் குழு எப்போது தொடங்குகிறது?

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் ஒரு பள்ளியில் தங்கிக் கற்பிக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பு. வழிகாட்டியாக அமைந்த அறிவியல் டீச்சர் என்னை உடனே பாடம் நடத்தச் சொல்லவில்லை. கையில் ஒரு நோட்டைக் கொடுத்துப் பின் பெஞ்சில் உட்கார வைத்தார். “பாடத்தக் கவனிக்காதீங்கம்மா. பிள்ளைங்க கையப் பாருங்க. எப்ப சும்மா இருக்கோ அத எழுதுங்க” என்றார்.

அவர் குறிக்கச் சொன்னது மூன்று நேரங்கள். “செய்யுங்க” என்று ஆசிரியர் சொல்லும் நேரம், முதல் குழு வேலையைத் தொடங்கும் நேரம், கடைசிக் குழு தொடங்கும் நேரம். மூன்றாவதுதான் முக்கியம் என்பது பார்க்கப் பார்க்கப் புரிந்தது. முதல் குழு சீக்கிரமே தொடங்கிவிடும். கடைசிக் குழுவுக்குப் பொருள் போய்ச் சேருவதற்குள் முதல் குழு பாதி முடித்துவிட்டு மற்றவர்களைச் சீண்டிக்கொண்டிருக்கும். சத்தம் எழும், ஆசிரியர் அதட்டுவார், அதற்கும் பாட நேரம் போகும். இது பிள்ளைகளின் சேட்டையால் வந்ததல்ல. நெடுநேரம் காத்திருக்க வைத்ததால் வந்தது.

நாங்கள் கல்லூரியில் படித்த ஜேக்கப் கூனின் இதைத்தான் சொல்கிறார். வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் அவர். நூல் 1970-இல் வந்தது. தவறு செய்த மாணவனை ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதை வைத்து நல்ல வகுப்பையும் மோசமான வகுப்பையும் பிரிக்க முடியவில்லை. பாடத்தை எப்படி நகர்த்தினார் என்பதை வைத்துப் பிரிக்க முடிந்தது. கூட்டமாக நகர்த்தக்கூடியவர்களை ஒவ்வொருவராக நகர்த்துவதைக் கூனின் ஒரு தனிக் குறையாகவே பெயரிட்டுச் சொல்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு 36 நோட்டுகளைத் திருப்பிக் கொடுப்பது அப்படிப்பட்டதுதான். ஒருவருக்கு ஏழு விநாடி என்றாலும் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். அதே நோட்டுகளைப் பெஞ்சு வாரியாக வாங்கி, பெஞ்சு வாரியாகவே அடுக்கி வைத்தால், திருப்பித் தரும்போது 12 அடுக்குகள்தான்.

பிறகு நான் நடத்த வேண்டிய பாடம் வந்தது: கலவைகளைப் பிரித்தல். மணல், உப்பு, இரும்புத்தூள் மூன்றும் கலந்ததைப் பிள்ளைகளே பிரிக்க வேண்டும். காந்தத்தால் இரும்பை எடுப்பது, தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைப்பது, வடிகட்டி மணலைப் பிரிப்பது. வடித்த உப்புத் தண்ணீரைச் சிறு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் மறுநாள் உப்பு தெரியும். 40 நிமிடப் பாடவேளைக்குள் செய்ய முடிகிற வேலைதான், பொருளைக் கொடுப்பதிலேயே நேரம் போகாமல் இருந்தால்.

டீச்சர் முதலில் கேட்டது, “யாரு எங்க உக்காருவாங்க?” அந்த வகுப்பில் நடுவில் ஒரு வழி. இருபுறமும் ஆறு ஆறு பெஞ்சுகள், பெஞ்சுக்கு மூன்று பேர். டெஸ்க் தனி, பெஞ்சு தனி. முன் பெஞ்சுக்காரர்கள் எழுந்து பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தால் பின்னால் இருக்கும் டெஸ்க்கே அவர்களுக்கும் மேசையாகிவிடும். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். இப்படி ஆறு குழுக்கள். ஒரு பிள்ளைகூட நடக்கவில்லை, ஒரு பெஞ்சுகூட இழுபடவில்லை. நடக்க முடியாத பிள்ளை இருக்கும் வகுப்பில் இந்த ஏற்பாடு இன்னும் உதவும்; குழு அவர் இருக்கும் இடத்திலேயே அமைந்துவிடுகிறது.

அடுத்தது எண். ஒவ்வொரு குழுவிலும் இடங்களுக்கு 1 முதல் 6 வரை எண். எண் பிள்ளைக்கு இல்லை, இடத்துக்கு. முன் பெஞ்சில் வழியோரம் இருப்பது 1, பின் பெஞ்சில் வழியோரம் இருப்பது 4. எழுந்து போகிற வேலை இந்த இரண்டு இடங்களுக்கு மட்டும்தான், ஏனென்றால் சுவரோரம் இருப்பவர் வெளியே வர இன்னும் இரண்டு பேர் எழுந்திருக்க வேண்டும். திங்கள்கிழமைதோறும் எல்லோரும் பெஞ்சுக்குள் ஓரிடம் நகர்ந்து உட்காருவார்கள். அதனால் எழுந்து போகும் வாய்ப்பு எல்லாருக்கும் வரும். நான்காம் இடத்துப் பிள்ளை வராத நாளில் ஐந்தாம் இடத்துப் பிள்ளை அங்கே நகர்ந்துகொள்ளும். பெயர்ப்பட்டியல் எதுவும் தேவையில்லை.

பிறகு தட்டு. முந்தின நாள் மாலையே ஆறு தட்டுகளையும் தயார் செய்தோம். ஒவ்வொன்றிலும் பழைய காலண்டர் தாளைப் பின்பக்கம் தெரிய விரித்து, பொருள்களை அதன்மேல் வைத்து, மார்க்கரால் ஓரம் வரைந்தோம்: காந்தம், புனல், டம்ளர் இரண்டு, ஸ்பூன், வடிதாள், கலவைப் பொட்டலம். பொட்டலத்தில் மணல் மூன்று ஸ்பூன், உப்பு ஒரு ஸ்பூன், இரும்புத்தூள் அரை ஸ்பூன். காந்தத்தைப் பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டியிருந்தோம். உறையோடு இரும்பை எடுத்து, உறையைக் கழற்றினால் தூள் தானே உதிரும். வெறும் காந்தத்தில் ஒட்டிய தூளைச் சுரண்டுவதற்கே ஒரு குழு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். வரைந்த ஓரத்தின் பலன் பாட முடிவில் தெரியும். தட்டு திரும்பி வரும்போது காந்தத்தின் கோடு வெறுமையாக இருந்தால் எண்ணிப் பார்க்காமலே கண்ணில் படும்.

தண்ணீரை டீச்சர் தட்டில் வைக்க விடவில்லை. காரணம் கேட்டேன். “கண்ணுக்கு முன்னால தண்ணி இருந்தா எந்தப் பிள்ளம்மா காந்தத்துக்காகக் காத்திருக்கும்?” என்றார். முதலிலேயே ஊற்றிவிட்டால் இரும்புத்தூள் ஈரமாகி மணலோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், எளிதில் பிரியாது. ஆகவே பொருள்கள் ஒரே நேரத்தில் போகக் கூடாது, வேலையின் வரிசைப்படி போக வேண்டும். நான்காம் எண் தட்டைக் கொண்டுவரும். காந்த வேலை முடிந்த பிறகு முதலாம் எண் தண்ணீரைக் கொண்டுவரும். வாளியில் மொண்டுகொள்ளச் சொன்னால் ஆறு பேர் ஒரு வாளியைச் சுற்றி நிற்பார்கள். அதனால் இடைவேளையிலேயே ஆறு பாட்டில்களில் அரை டம்ளர் அளவு நிரப்பி வைத்துவிட்டோம்.

நெரிசல் தட்டு எடுக்கும் இடத்திலும் வரும். ஆறு தட்டும் ஆசிரியர் மேசையில் இருந்தால் ஆறு பேரும் ஒரே வழியில் வந்து, தட்டோடு திரும்பும்போது எதிரெதிராக முட்டிக்கொள்வார்கள். இடப்பக்க வரிசைக்கு முன்மேசை, வலப்பக்க வரிசைக்குப் பின்சுவர் அலமாரி என்று பிரித்தோம். மூன்று பேர் முன்னே வருவார்கள், மூன்று பேர் பின்னே போவார்கள். அவரவர் வரிசையை ஒட்டியே நடப்பதால் இரு வரிசைக்காரர்களும் முட்டிக்கொள்வதில்லை. வழியில் கிடக்கும் புத்தகப் பைகளை மட்டும் முன்கூட்டியே பெஞ்சுக்கடியில் தள்ளச் சொல்ல வேண்டும். தட்டோடு வரும் பிள்ளைக்குக் கீழே கிடக்கும் பை தெரியாது.

சொல்லும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. டீச்சர் கையை உயர்த்தி “கை காலி” என்பார். எல்லாரும் கையில் இருப்பதைக் கீழே வைத்து, இரு கைகளையும் டெஸ்க் மேல் வைப்பார்கள். 36 ஜோடிக் கையும் காலியான பிறகே பேசுவார். என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொருள் கைக்கு வரும் முன்னரே முழுவதும் சொல்லிவிடுவார். காந்தம் கைக்கு வந்தபின் யார் காதிலும் எதுவும் ஏறாது. “முதல்ல காந்தம். இரும்ப எடுத்து டம்ளர்ல போடுங்க. முடிச்ச குழு கை தூக்குங்க.” பின்பு ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வைப்பார். “எழுந்திருங்க” என்பது கடைசியில்தான் வரும்: “நான் போகலாம்னு சொன்னதும் நாலாம் நம்பர் மட்டும் தட்டு எடுங்க… போகலாம்.” முதலிலேயே “தட்டு எடுத்துட்டு வாங்க” என்று தொடங்கினால் மிச்சத்தைக் கேட்க ஆளிருக்காது.

இதையெல்லாம் பாடத்தன்று சொல்லிக்கொடுக்க முடியாது. முந்தின வாரத்திலேயே வெறும் தட்டுகளோடு ஒத்திகை பார்த்தோம்: திரும்பி உட்காருவது, தட்டு எடுப்பது, வைப்பது, பழையபடி உட்காருவது. முதல் ஒத்திகையில் எங்கே தடங்கல் என்று பார்த்து டீச்சர் அதை மட்டும் மறுபடி செய்ய வைத்தார். பாடத்தன்று “போகலாம்” என்ற சொல்லிலிருந்து கடைசிக் குழு பொட்டலத்தைப் பிரிக்கும் வரை ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. தண்ணீர் போய்ச் சேர அரை நிமிடம். மணி அடிக்க ஆறு நிமிடம் இருக்கும்போது “கை காலி”. ஈர மணலும் வடிதாளும் வாசலருகே வைத்த ஒரு வாளியில். முதலில் இடப்பக்க வரிசை, அது உட்கார்ந்த பிறகு வலப்பக்கம். உப்புத் தண்ணீர் ஊற்றிய சிறு தட்டுகளைக் குழு எண்ணோடு சன்னல் திண்டில் வைத்தோம்.

பொருள் போதாத பள்ளியில் என்ன செய்வது என்பதற்கும் டீச்சரிடம் வழி இருந்தது. காந்தம் மூன்றுதான் இருக்கிறது என்றால், மூன்று குழுக்கள் காந்தத்தோடு தொடங்கும். மற்ற மூன்றும் கலவையைத் தாளில் பரப்பி, கண்ணால் பார்த்து எதை எப்படிப் பிரிக்கலாம் என்று அட்டவணை எழுதும். பிறகு காந்தம் மட்டும் கைமாறும், பிள்ளைகள் இடம் மாற மாட்டார்கள். சிறிய பொருளை நகர்த்த முடிகிற இடத்தில் பிள்ளைகளை நகர்த்தக் கூடாது என்பது அவர் முறை. நகர்த்த முடியாத கனமான, உடையக்கூடிய பொருள் என்றால் மட்டும் குழுக்கள் நகரும். அப்போது எல்லாக் குழுக்களும் ஒரே திசையில், ஒரே சமயத்தில். சாராய விளக்கைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு நடப்பது எந்த ஒழுங்கிலும் சேராது. அதை ஆசிரியர் மட்டும்தான் தொட வேண்டும்.

இந்தப் பழக்கம் தேயவும் செய்யும். காலாண்டு விடுமுறை முடிந்து வந்தால் ஒருமுறை வெறும் தட்டோடு ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். “டீச்சர், எங்க போகணும்?” என்ற கேள்வி இரண்டு மூன்று இடங்களிலிருந்து வந்தாலே ஒழுங்கு தளர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது குரலை உயர்த்துவதால் பயனில்லை, மறுபடி ஒத்திகை பார்க்க வேண்டும்.

எங்கள் பாடத்திட்டப் படிவத்தில் நோக்கம், கற்பித்தல் துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு என்று கட்டங்கள் உண்டு. துணைக்கருவிக் கட்டத்தில் “காந்தம், புனல்” என்று எழுதினால் முடிந்தது. அவை பிள்ளைகள் கைக்கு எப்படிப் போகும் என்பதற்குக் கட்டம் இல்லை. நான் அதற்குக் கீழே கோடு போட்டு ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்: எந்தப் பொருள் எந்தக் கட்டத்தில், யார் கையால், எந்த வழியாக, எப்படித் திரும்பி வரும். அந்த வரியை எழுத முடியாத நாளில் செயல்பாட்டையே சிறிதாக்கிவிடுகிறேன்.