பலாப்பழத்துக்கும் முள் இருக்கணும்!

பெட்டிக்கடையில் புத்தகங்கள் தொங்குவதைப் பாருங்கள். கயிற்றில் கிளிப் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் கண்ணில் படுவது மேலே ஒரு பட்டை மட்டும்தான். அதனால்தான் பத்திரிகைப் பெயர் எப்போதும் உச்சியில் இருக்கிறது. ஆள் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, தலை அந்தப் பெயரைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு நிற்கும். பார்க்க என்னமோ சுலபமான வேலை மாதிரித்தான் தெரியும்.

பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் துறை மலரின் அட்டைப்பட வேலை வந்து சேர்ந்தது. மலரின் பெயர் 'வணிகம்' என்று வைத்துக்கொள்வோம். சிறு வியாபாரிகளைப் பற்றிய மலர். பண்ருட்டிப் பக்கம் இதற்கு யாரைத் தேடுவது? திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயில் தெருவில் பலாப்பழம் விற்கும் அக்காவிடம் கேட்டாள். "எடுத்துக்கோ பாப்பா, ஆனா பழத்த மறைச்சிப்புடாதே" என்றார் அந்த அக்கா. அந்த ஒரு நிபந்தனைதான் பிறகு வேலை முழுவதையும் ஆட்டிவைத்தது.

முதலில் கோபுரம் பின்னால் தெரியும்படி எடுத்தாள். போட்டோ அருமை, அட்டைக்கு உதவாது! கோபுரத்தில் இத்தனை சுதைச் சிற்பங்கள் இருக்கும்போது எந்த எழுத்தை எங்கே வைத்தாலும் படிக்க முடியாது. கருங்கூந்தல் எங்கே முடிகிறது, பின்னாலிருக்கும் நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் கொஞ்சம் குனிந்து, பின்னால் வெறும் வானம் மட்டும் வரும்படி எடுத்தாள். இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள். தலைக்கு மேலே படத்தில் கால்வாசி காலி, இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு காலி. தலைப்புகள் வரப்போவது இடதுபுறம் என்பதால் அக்காவையும் அந்தப் பக்கமே பார்க்கச் சொன்னாள். நம் கண் அட்டையில் இருப்பவரின் பார்வையைத் தொடர்ந்து போகும் பழக்கம் உள்ளது. அவர் வெளியே பார்த்தால் நாமும் அட்டையை விட்டு வெளியே போய்விடுவோம்.

அளவுக் கணக்கு ஒன்று இருக்கிறது, காமர்ஸ்காரர்களுக்கு இது பிடிக்கும் :-) ஏ4 அட்டை 210 x 297 மி.மீ. வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடவேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சுக்கூடம் கேட்டால் மொத்தம் 2551 x 3579 புள்ளிகள். ஆள் இந்த உயரத்தில் எண்பது சதவீதம் நிற்க சுமார் 2860 புள்ளி வேண்டும். 12 மெகாபிக்சல் போனில் நெட்டுக்குத்தாக எடுத்தால் உயரம் 4000. அதில் ஆள் அறுபது சதவீதம் இருந்தால் 2400 புள்ளி கிடைக்கும். கொஞ்சம் பெரிதாக்கினால் சமாளிக்கலாம். அதே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீண்ட பக்கம் 1600 புள்ளியாகச் சுருங்கி வந்தால், ஆளுக்கு மிஞ்சுவது 960 மட்டுமே. அதைப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் கஞ்சி மாதிரி குழைந்துவிடும். படத்தை வயர் போட்டு நேராக இறக்கிக்கொள்வதே உத்தமம்.

அடுத்தது வெட்டு. கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்தாள். கன்னம், தோள், புடவை ஆகியவற்றுக்குப் பேனா மாதிரியான Paths கருவி போதும். புள்ளி வைத்துப் புள்ளி வைத்து வளைத்து, அதைத் தேர்வுப் பகுதியாக்கி, Select → Shrink கொடுத்து ஒன்றிரண்டு புள்ளி உள்ளே இழுக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்தைச் சுற்றி வானத்தின் வெளிச்சக் கோடு ஒட்டிக்கொண்டே வரும். படத்தை அழிக்காமல் Layer Mask மேல் செய்தால், காதை வெட்டிவிட்டாலும் திரும்ப வரவழைக்கலாம்.

கூந்தலுக்கு இந்த வழி ஆகாது. பறக்கும் முடியைப் பேனாவால் சுற்றினால் விக் வைத்த மாதிரி ஆகிவிடும். அங்கே வானமே உதவிக்கு வருகிறது. வண்ணப்படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பிரிக்கலாம் (Colors → Components → Decompose). நீலப் படத்தில் வானம் வெளேரென்றும் முடி கரேலென்றும் இருக்கும். Levels கொண்டு வானத்தை முழு வெள்ளைக்கும் முடியை முழுக் கறுப்புக்கும் தள்ளி, தலைகீழாக்கி, அதையே முகமூடியாக வைத்தால் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நிற்கும். ரொம்பத் தள்ளினால் மெல்லிய முடிகள் காணாமல் போய் ஓரம் கத்தரித்தது போலாகும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அக்கா தலையில் மல்லிகைச் சரம்! மல்லிகையும் வெள்ளை, வானமும் வெள்ளை. முகமூடி போட்டதும் பூ இருந்த இடத்தில் தலைக்குள் ஓட்டை விழுந்து பின்னணி தெரிந்தது. பூவை ஒவ்வொன்றாகப் பிரஷ் வைத்து வெள்ளையடித்து மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

பலாப்பழமும் லேசில் விடவில்லை. சுத்தமான ஓரம் வேண்டுமென்று வழவழவென்று வளைத்துச் சுற்றினாள், பழம் தர்ப்பூசணி ஆகிவிட்டது. முள்ளுக்கு முள் புள்ளி வைத்தாக வேண்டும், வேறு வழியில்லை. ஓரம் சுத்தம் என்றால் வழுவழுப்பு என்று அர்த்தமில்லை. முள்ளுக்கு முள் மாதிரியும் முடிக்கு முடி மாதிரியும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பின்னணிக்கு முதலில் அரக்கு நிறம் போட்டாள். முடி நுனியில் மிச்சமிருந்த வானத்தின் வெளுப்பு அத்தனையும் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. பலாச்சுளை மஞ்சளுக்கு மாற்றியதும் பெரும்பாலானது மறைந்தது. வெட்டு சரியா என்று பார்க்க அரக்கு, அச்சுக்குப் போக மஞ்சள். நல்ல ஏற்பாடு.

இனி எழுத்து. ஆங்கிலத்தில் பெயரின் கீழ்ப்பாதியைத் தலை மறைத்தாலும் படித்துவிடலாம். தமிழில் அது செல்லாது. க, ச, த மூன்றுக்கும் மேற்பாதி கிட்டத்தட்ட ஒன்றுதான், வித்தியாசம் கீழேதான் இருக்கிறது. அக்கா வலப்புறம் நின்றதால் அவர் தலை 'க'வின் கீழ்ப்பாதியை முழுக்க மறைத்தது. பார்ப்பவர்கள் 'வணிசம்' என்றும் படிக்கலாம், 'வணிதம்' என்றும் படிக்கலாம்! எழுத்தின் உயரத்தில் கால்வாசிக்கு மேல் மறையாதபடி ஆளைக் கீழே இறக்கினாள். புள்ளிக்கு ஆபத்தில்லை, அது மேலே பத்திரமாக இருந்தது.

இடப்பக்கத் தலைப்புகளுக்குக் கிடைத்த பத்தி 60 மி.மீ. அகலம். ஆசிரியர் குழு கொடுத்த தலைப்பு, 'பலாப்பழத்தின் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்?' கடைசிச் சொல் ஒன்றே 24 புள்ளி எழுத்தில் அந்தப் பத்திக்குள் அடங்காது. உடைத்துப் போட்டால் அசிங்கம். எழுத்தைச் சிறிதாக்கினால் தூரத்திலிருந்து தெரியாது. பத்தியை அகலமாக்கினால் பழத்தின் மேல் ஏறும், அது அக்காவின் நிபந்தனைக்கு விரோதம். குழுவில் அரைமணி நேர விவாதத்துக்குப் பிறகு 'பலா விலை யார் கையில்?' என்று மாறியது. இதுதான் நல்ல தலைப்பும்கூட. வரிகளுக்கு நடுவே 24 புள்ளிக்கு 32 புள்ளி இடைவெளி விட்டாள். குறைத்தால் மேல் வரியின் 'கு' வால் கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கிறது.

கடைசியில் ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பார்த்தார்கள். முள், முடி, மல்லிகை எல்லாம் சரி. பழத்துக்குக் கீழே கறுப்புப் பட்டையில் வெள்ளையாகப் போட்ட சின்ன எழுத்துக்களில் மட்டும் புள்ளிகளுக்குள் மை இறங்கி அடைத்துக்கொண்டது. தடித்த எழுத்துக்கு மாற்றி, இரண்டு அளவு கூட்டி, மறுபடி ஒரு தாள் அடிக்கக் கொடுத்தாள்.