அரஃபா என்பது இடமா, நாளா?

2024 ஜூன் 15, சனிக்கிழமை. ஹைதராபாத்தின் கிழக்கே, மல்லாபூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வாடகை வீடு. காயல்பட்டினத்திலிருந்து மணமாகி வந்த பெண்ணொருத்தி நண்பகலில் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். அவளுடைய உம்மாவும் வாப்பாவும் அன்று அரஃபாத் வெளியில் இருக்கிறார்கள். ஹஜ்ஜின் உயிர்நாடி அன்றுதான். துல்ஹஜ் ஒன்பதாம் நாள் நண்பகல் சாய்ந்ததிலிருந்து அந்த வெளியில் தங்கியிருப்பதைத் தவறவிட்டவருக்கு அவ்வாண்டு ஹஜ்ஜே இல்லை. புறப்படுமுன் உம்மா ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "நாங்க அரஃபாவுல நிக்கிற அன்னைக்கு நீ நோன்பு வச்சுக்கோ மவளே."

எளிய வேண்டுகோள். ஆனால் மல்லாபூரில் அன்று ஒன்பதாம் பிறையன்று, எட்டாம் பிறை.

இந்த ஒருநாள் இடைவெளி எங்கிருந்து வந்தது? ஜூன் 6 அன்று, இந்திய நேரப்படி மாலை ஆறு மணி எட்டு நிமிட அளவில் அமாவாசைக் கணம் நிகழ்ந்தது. அன்று ஹைதராபாத்தில் சூரியன் மறைந்தபோது புதுப்பிறையின் வயது சுமார் நாற்பது நிமிடம். வெறுங்கண்ணுக்குப் பிறை தென்பட வழக்கமாகப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட வயது வேண்டும். ஆகவே அன்று மாலை இங்கே எவரும் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. மறுநாள் மாலை அதே பிறைக்கு ஒரு நாளைத் தாண்டிய வயது. ஜூன் 8 துல்ஹஜ் முதல் நாளானது, பெருநாள் 17ஆம் தேதிக்கு வந்தது. மக்காவிலோ சூரியன் மறையும்போது அமாவாசை கழிந்து ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த வயதுப் பிறையைக் கண்ணால் காண்பது அரிது என்று வானியலார் சொல்லுவர். ஆனால் உம்முல்குரா நாட்காட்டியின் விதி வேறு: சூரியன் மறைவதற்கு முன் அமாவாசை நிகழ்ந்திருக்க வேண்டும், சூரியனுக்குப் பின் சந்திரன் மறைய வேண்டும். அந்த விதிக்கு அந்த மாலை பொருந்தியது. பிறை காணப்பட்டதாக சவூதி அரசு அறிவித்தது. அரஃபா நாள் 15, பெருநாள் 16 எனத் தீர்மானமாயிற்று.

அந்தப் பெண்ணின் கேள்வி வானியலைப் பற்றியதன்று, ஒரு பெயரைப் பற்றியது. அரஃபா நாள் நோன்பு கடந்த ஓராண்டின், வரும் ஓராண்டின் பிழைகளுக்குப் பரிகாரமாகும் என்பது நபிமொழி. இந்த நோன்பு ஹஜ்ஜுக்குச் செல்லாதவர்களுக்கு உரியது. அரஃபாத்தில் நபி மக்கள் பார்க்கப் பால் அருந்தியதாகவும் செய்தி உண்டு. சரி, 'அரஃபா நாள்' என்றால் என்ன? ஹாஜிகள் அந்த வெளியில் நிற்கும் நாளா, அவரவர் ஊரில் துல்ஹஜ் ஒன்பதாம் நாளா? முதலாவது பொருளில் அந்தச் சொற்றொடர் ஒரு நிகழ்ச்சியை விவரிக்கிறது. இரண்டாவதில் அது வெறும் பெயர்.

தமிழருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ஆடிப் பதினெட்டைப் 'பெருக்கு' என்கிறோம். காவிரியில் புதுவெள்ளம் பெருகியதால் வந்த பெயர். மேட்டூரில் மதகு திறக்காத ஆண்டிலும், மணல் மட்டுமே தெரியும் படித்துறையிலும், பெருக்கு ஆடிப் பதினெட்டில்தான் வருகிறது; தண்ணீர் வரும் நாளுக்கு அது தள்ளிப்போவதில்லை. துல்ஹஜ்ஜின் மற்ற நாட்களின் பெயர்களும் இப்படித்தான். எட்டாம் நாள் 'தர்வியா', நீர் நிரப்பும் நாள். அரஃபாத்தில் நீரில்லாத காலத்தில் ஹாஜிகள் தோற்பைகளை நிரப்பிக்கொண்ட நாள் அது. இன்று குழாயில் நீர் வருகிறது, பெயர் அப்படியே நிற்கிறது. பதினொன்று முதல் பதின்மூன்று வரை 'தஷ்ரீக்'. இறைச்சியைக் கீற்றாக அறுத்து வெயிலில் உலர்த்தியதால் வந்த பெயர் என்பர். குளிர்பதனப் பெட்டி வந்தபின் அந்நாட்கள் பெயர் இழக்கவில்லை. துருக்கியில் 'அரிஃபே' என்றால் எந்தப் பெருநாளுக்கும் முந்தைய நாள். ரமலான் முடிவுக்கு முந்தைய தினத்தையும் அப்படியே சொல்வார்கள். இடத்தைக் குறித்த சொல் அங்கே இடத்தை முற்றிலும் மறந்துவிட்டது.

எதிர்த்தரப்பும் வலுவற்றதன்று. நீர் நிரப்புவதும் இறைச்சி உலர்த்துவதும் எங்கும் நடக்கக் கூடியவை. அரஃபாத்தில் நிற்பதோ உலகில் ஓரிடத்தில், ஆண்டுக்கு ஒருமுறை. கண்முன் நேரலையில் இலட்சக்கணக்கானோர் நிற்கும்போது, 'அது நாளைக்குத்தான்' என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டிலும் இந்த வாதத்தை ஏற்று சவூதியோடு சேர்ந்து நாளைக் கணக்கிடுவோர் உண்டு. தந்திக்கு முற்பட்ட காயல்பட்டினத்தை நினைத்தால்தான் இவ்வாதம் தடுமாறுகிறது. அரஃபாத்தில் எந்தக் கிழமை நின்றார்கள் என்ற செய்தி, ஹாஜிகள் கப்பலில் திரும்பியபின்தான் ஊருக்கு வந்திருக்கும். அதுவரை நோன்பு வைத்தவர்கள் ஊர்ப் பிறையைப் பார்த்துத்தான் வைத்தார்கள். அவர்கள் நோன்பை யாரும் செல்லாது என்றதில்லை. டமாஸ்கஸில் கண்ட பிறை மதீனாவுக்குப் போதுமா என்று குரைப் கேட்டதற்கு, இப்னு அப்பாஸ் போதாது என்று விடை சொன்னதாக முஸ்லிம் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. அது ரமலானைப் பற்றியது என்றாலும், ஊருக்கு ஊர் பிறை என்போர் முதலில் எடுப்பது அதைத்தான்.

ஒரே நாளில் நோன்பு வைத்தாலும் ஒரே நேரம் ஆகிவிடுவதில்லை. மல்லாபூரில் சூரியன் ஏழுக்குச் சற்று முன் மறைகிறது. அரஃபாத்தில் அப்போது மாலை நாலரை கூட ஆகியிருக்காது; ஹாஜிகள் இன்னும் கையேந்தி நிற்கிறார்கள். அவர்கள் அங்கிருந்து புறப்படும் அந்திப்பொழுது இங்கே இரவு ஒன்பதரை. அவள் பேரீச்சம்பழத்தைக் கடிக்கும்போது அங்கே நிற்றல் முடிந்திருக்காது.

அவள் வழக்காடவில்லை. துல்ஹஜ் முதல் ஒன்பது நாளும் நோன்புக்கு உகந்தவை என்பதால், எட்டாம் பிறையில் நோற்பதில் குற்றமில்லை. சனிக்கிழமை உம்மாவின் சொல்லுக்காக ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பிறைக்காக ஒன்று என இரண்டையும் வைத்தாள். சனியன்று மாலைவரை அழைப்பு வரவில்லை. அவ்வாண்டு வெயில் கொடியது. ஹஜ் காலத்தில் 1,301 பேர் இறந்ததாகப் பின்னர் சவூதி அரசே அறிவித்தது. இரவு பதினொன்றுக்கு, முஸ்தலிஃபா செல்லும் பேருந்திலிருந்து வாப்பாவின் குரல்செய்தி ஒன்று வந்தபின்தான் அவள் படுத்தாள்.

ஞாயிறு விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் தெருமுனைப் பள்ளிவாசலில் தக்பீர் ஒலிக்கத் தொடங்கியது. ஒன்பதாம் நாள் வந்துவிட்டதற்கு மல்லாபூரில் அதுதான் அடையாளம். மாலை அஸருக்குப் பின் மினாவிலிருந்து உம்மா காணொளியில் வந்தாள். அருகே வாப்பா, தலை மழித்து, அடையாளம் தெரியாதபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குப் பெருநாள் தொழுகை கிடையாதாம்ல. கல்லெறிஞ்சாச்சு, குர்பானி ஆயிட்டுன்னு சேதி வந்துட்டு, வாப்பா முடியும் எறக்கியாச்சு. நீ பெருநாள் சோறு தின்னியா?"

"எனக்கு இன்னைக்குத்தான் அரஃபா உம்மா. நோன்பு தொறக்க இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு."

"அப்போ நேத்து?"

"நேத்தும்தான்."