காலை 7, ராத்திரி 8

வேப்பம்பட்டுல ரயில் ஏறும்போது போன் அடிக்குது. கரன்ட் பில்.
அம்பத்தூர் தாண்டுறதுக்குள்ள இன்னொண்ணு. தண்ணி கேன்.
கூட்டத்துல நின்னுக்கிட்டு எதையும் செய்ய முடியாது. தள்ளிவிட்டா மறந்துடுது.

இப்போ அவசரமில்லாத ரிமைண்டர் எல்லாத்தையும் காலை 7, ராத்திரி 8ன்னு ரெண்டு வேளைக்கு மாத்திட்டேன். ரெண்டுமே வீட்ல உட்கார்ந்து முடிக்கிற நேரம்.

எதை மாத்தலாம்?
நடுவுல 13 மணி நேர இடைவெளி. அவ்வளவு தாமதமானாலும் எதுவும் கெடாதுன்னா மாத்தலாம்.
மாத்திரை, காலை 10 மணி தட்கல் இதெல்லாம் அதது நேரத்துலயே அடிக்கணும்.

ஒண்ணு முக்கியம். கெடு இருந்தா முந்தின வேளைக்குத்தான் கொண்டுவரணும்.
சாயங்காலம் 5க்குள்ள கட்டவேண்டிய சீட்டுப்பணம், ரிமைண்டர் 3 மணிக்கு இருந்துச்சு. அது ராத்திரி 8க்குப் போனா வீண். காலை 7க்கு வந்தாதான் பணம் எடுத்து வைக்க முடியும்.

ஐபோன்ல ஆப் நோட்டிஃபிகேஷன்களை இதே மாதிரி சேர்த்துக் காட்ட Scheduled Summary இருக்கு, 2021ல வந்தது. அதுவே முதல்ல காட்டுறது காலை 8, சாயங்காலம் 6. சாயங்காலம் 6க்கு நம்மள்ல பாதிப் பேர் ரயில்லதான் இருப்போம். நேரத்தை மாத்திக்கோங்க.

உங்களுக்கு எந்த ரெண்டு நேரம் சரிப்படும்?