சிறுநீர் சொன்ன சாட்சி

புணேயின் பாணேரில் விடுதியில் தங்கிப் பயிலும் 22 வயது மாணவி ஒருத்திக்குப் படியேறினால் கால்கள் துவண்டன, விரல்கள் மரத்தன. சிறுவயது முதலே உப்பையும் ஊறுகாயையும் தேடித் தின்பவள். குருதியில் பொட்டாசியம் 2.6 மட்டுமே, 3.5க்குக் குறைந்தாலே குறைபாடு. பைகார்பனேட் உயர்ந்திருந்தது, இரத்த அழுத்தமோ 100/60. மெலிந்த பெண்ணாதலின், மறைவில் வாந்தியெடுக்கிறாள் என்ற ஐயமே முதலில் எழுந்தது. அவள் மறுத்ததை எவரும் நம்பவில்லை. (இத்தகைய இளம்பெண்களின் சொல் எளிதில் எடுபடுவதில்லை.)

வாந்தியால் குளோரைடை இழந்த உடல், எஞ்சியதைச் சிறுநீரில் விடாமல் காத்துக்கொள்ளும். இவள் சிறுநீரிலோ குளோரைடு மிகுந்திருந்தது. நீர்ப்பெருக்கி மாத்திரைகளும் இவ்வாறே காட்டும். அவற்றின் தடயம் சோதனையில் இல்லை. எனவே உப்பு சிறுநீரகத்திலேயே கசிந்துகொண்டிருந்தது.

1962இல் பார்ட்டர் விவரித்த நோயில் கசிவு ஹென்லே வளைவில் நிகழும். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படும். சிறுநீரில் கால்சியம் பொதுவாக மிகும். 1966இல் கிடெல்மன் விவரித்ததில் பழுது அதற்கு அப்பாலுள்ள நுண்குழலில், தயசைடு மாத்திரை அடைக்கும் அதே உப்பு வாயிலில். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தாலே நோய் தோன்றும். ஆதலால் வீட்டில் வேறெவருக்கும் இல்லாதிருத்தல் இயல்பே. இவளது சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவு, குருதியில் மக்னீசியமும் குறைவு. கிடெல்மன் என்பது தெளிவாயிற்று.

முன்பு தந்த பொட்டாசியம் நிலைக்காததற்கும் காரணம் புலப்பட்டது: மக்னீசியம் குறைந்திருக்கும்வரை சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தந்து, உப்பைத் தாராளமாக உண்ணச் சொன்னபின் அளவு 3.2 வரை ஏறியது. ஊறுகாயைக் கண்டிப்பதை விடுதித் தோழியர் நிறுத்தினர்.