வெள்ளிக்கிழமையின் முக்கால் மணி நேரம்



மதரஸாக்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே ஜும்ஆவுக்குச் செல்ல ஒருவரிடம் அனுமதி கேட்டு நிற்கும் நிலை எனக்கு வாய்த்ததே இல்லை. அந்த நிலையில் நிற்பவர்கள் என்னிடம் ஓதிய பிள்ளைகள். அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலைக்குச் சேர்ந்தபின் அவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: "ஹஜ்ரத், போய் வா என்கிறார்கள். ஆனால் போகும் நேரத்தை எப்படி ஈடு செய்வாய் என்றும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?"

ஜும்ஆ கடமை என்று சொல்லி இக்கேள்வியை முடித்துவிடப் பலர் விரும்புகின்றனர். அது கடமை என்பதில் ஐயமில்லை. அல்ஜும்ஆ அத்தியாயத்தின் 9ஆம் வசனம் தொழுகைக்கு அழைக்கப்பட்டதும் வியாபாரத்தை விட்டுவிட்டு விரையச் சொல்கிறது. 10ஆம் வசனம் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது. ஆனால் ஒரு மாதத்திற்கு இவ்வளவு என்று ஊதியம் பேசித் தன் நேரத்தை மற்றொருவருக்கு ஒப்படைத்த மனிதனுடைய கணக்கு, வியாபாரியின் கணக்கிலிருந்து வேறுபட்டது. வியாபாரி மூடுவது தன் கடையை. ஊழியர் விட்டுச் செல்வதோ பிறருக்குத் தந்த நேரத்தை.

நம் இமாம்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. இமாம் நவவி தமது 'ரவ்ளத்துத் தாலிபீன்' நூலில் கூலி ஒப்பந்தம் பற்றிய பகுதியில் இதைப் பேசுகிறார். ஒருவரைக் குறிப்பிட்ட காலத்திற்கு வேலைக்கு அமர்த்தினால், உளூவுக்கும் தொழுகைக்கும் ஆகும் நேரம் அந்த ஒப்பந்தத்திலிருந்து தானாகவே விலக்கப்பட்டதாகும். அதற்காகக் கூலி குறையாது. ஜும்ஆவும் அவ்வாறே என்பது அவர் தரும் சட்டம். யூதர் ஒருவரை மாதக் கூலிக்கு அமர்த்தினால், வழக்கம் அவ்வாறிருக்கும் நிலையில் சனிக்கிழமைகளும் விலக்கப்படும் என்று அவ்விடத்திலேயே சொல்லப்படுகிறது. நமக்குக் கேட்கும் சலுகையைப் பிறருக்கும் எழுதி வைத்த நூல் அது.

ஹனஃபி மத்ஹபில் இன்னும் நுணுக்கமான ஒரு கருத்து உண்டு. இப்னு ஆபிதீன் தமது 'ரத்துல் முஹ்தார்' நூலில் அபூ அலீ அத்தக்காக் என்பவரின் கூற்றை எடுத்துத் தருகிறார். நகரத்தில் உள்ள கூலியாளை ஜும்ஆவுக்குச் செல்லவிடாமல் தடுக்கக் கூடாது. பள்ளி அருகில் இருந்தால் கூலியில் எதையும் பிடிக்கலாகாது. தொலைவில் இருந்து, போய் வருவதில் பகலின் கால் பங்கு கழிந்துவிட்டால், கூலியிலும் கால் பங்கு குறையும். இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தொழுகையின் நேரம் கடனாகக் கருதப்படவில்லை. வழியின் நேரம் கடனாகிறது. இன்றைய அலுவலகத்தில் ஊதியப் பிடித்தத்திற்குப் பதிலாக நேர ஈடு வருகிறது. இன்றைய முதலாளி நம் ஃபிக்ஹு நூல்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதால், முழு நேரத்தையும் ஈடு செய்வதாக நாமே எழுதித் தருவது தெளிவானது.

என்னிடம் ஓதிய ஒரு தம்பி கோயம்புத்தூரில் உதிரிபாக மொத்த வியாபார நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். காலை 9.30 முதல் மாலை 6.15 வரை வேலை, 1.30 முதல் 2.15 வரை உணவு இடைவேளை. "அரை மணி நேரம்தான் கூடுதலாகப் போகிறது, ஹஜ்ரத்" என்றார். குத்பாவும் இரண்டு ரக்அத்தும் சேர்த்து இருபது நிமிடம் என்பது அவர் மனத்தில் இருந்த கணக்கு. நான்கு வெள்ளிக்கிழமை இருக்கையை விட்டு எழும் நேரத்தையும் மீண்டும் அமரும் நேரத்தையும் குறித்துவரச் சொன்னேன்.

குறித்துவந்தபோது கணக்கு வேறாக இருந்தது. 12.50க்கு எழுகிறார். வண்டியில் பத்து நிமிடம். உளூவும் முன் சுன்னத்தும் முடிய 1.10. இரண்டாம் பாங்கு, குத்பா, தொழுகை முடிய 1.30. பின் சுன்னத் முடிய 1.40. செருப்பைத் தேடி, நெருக்கி நிறுத்திய வண்டிகளுக்கிடையே தம் வண்டியை எடுக்கப் பத்து நிமிடம். (இந்தப் பத்து நிமிடத்தை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை.) அலுவலகம் வர 2.00. சாப்பிட்டு அமரும்போது 2.20. ஆக 90 நிமிடம். அதில் 45 நிமிடம் அவருக்கு உரிய இடைவேளை. மீதி முக்கால் மணி நேரம். மழை பெய்த ஒரு வெள்ளியில் அது 58 நிமிடமாயிற்று.

இதற்கு முன் அவர் தமிழ் பயான் கேட்பதற்காக 12.20க்கே எழுந்து போய்க்கொண்டிருந்தார். முன்னதாகப் பள்ளிக்கு வருவதன் சிறப்பு ஹதீஸில் வந்துள்ளது; பயான் செய்பவர்களில் நானும் ஒருவன் என்பதால் அதைத் தவறவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் அந்தப் பயான் குத்பாவின் பகுதியன்று. இரண்டாம் பாங்கிற்குப் பின் தொடங்குவதே குத்பா. சிறப்பானதைத் தம் விடுமுறை நாளில் தேடிக்கொள்ளலாம். முதலாளியின் அரை மணி நேரத்தைக் கொண்டு தேடுவதை என்னால் சரி என்று சொல்ல இயலவில்லை.

இனி ஈடு. தினமும் கால் மணி நேரம் முன்னதாக வருகிறேன் என்பது அவருடைய முதல் யோசனை. அலுவலகத்தைத் திறக்கும் காவலரே 9.25க்குத்தான் வருகிறார். தினமும் மாலை பத்து நிமிடம் அதிகமாக இருக்கிறேன் என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் யாருக்கு என்ன பயன் என்று கேட்டேன். அப்போதுதான் உண்மையான சிக்கல் வெளிவந்தது. வெள்ளி மதியம் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையே வெளியூர் லாரிகள் சரக்கேற்றி நிற்கின்றன. இ-வே பில் எடுத்துத் தருபவர் இவர். இவர் பள்ளியில் இருக்கும்போது ஓட்டுநர் வெயிலில் காத்திருக்கிறார். கிடங்கு மேலாளர் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார். மாலையில் பத்து நிமிடம் கூடுதலாக அமர்வதால் அந்த ஓட்டுநரின் ஒரு மணி நேரம் திரும்பி வராது.

ஆகவே திட்டம் வியாழக்கிழமைக்கு மாறியது. இ-வே பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. சரக்கு, மதிப்பு, வாங்குபவர் விவரங்கள் பார்ட்-ஏ. வண்டி எண் பார்ட்-பி. பார்ட்-ஏயை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். 15 நாள் வரை அது செல்லும். வண்டி எண் ஏற்றப்பட்ட பிறகுதான் பில்லின் பயண நாள்கள் எண்ணப்படத் தொடங்கும். வியாழன் மாலை ஒரு மணி நேரம் அதிகமாக இருந்து, மறுநாள் செல்லும் சரக்குகளுக்கெல்லாம் பார்ட்-ஏயை முடித்துவிடுகிறார். வெள்ளி மதியம் வண்டி எண்ணை மட்டும் ஏற்ற வேண்டும்; அது இரண்டு நிமிட வேலை. பக்கத்து இருக்கை நண்பருக்குத் தனி உள்நுழைவு ஏற்படுத்தித் தரும்படி மேலாளரிடம் கேட்டு வாங்கினார். தம்முடைய கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது எளிதுதான். தவறு நேர்ந்தால் யார் செய்தது என்று தெரியாமல் போகும் என்பதால் வேண்டாம் என்றேன். அந்த நண்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊருக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டியவர். அன்று மாலை அவருடைய பற்றுவரவை இந்தத் தம்பி பார்க்கிறார்.

அவர் மேலாளருக்குக் கொடுத்த கடிதம் ஐந்து வரிதான். வெள்ளி 12.50 முதல் 2.20 வரை இருக்கமாட்டேன், இடைவேளை போக 45 நிமிடம், வியாழன் 6.15 முதல் 7.15 வரை இருப்பேன். அந்நேரத்தில் லாரிகளைக் கவனிப்பவர் இன்னார். மூன்று மாதம் கழித்து இது சரிவருகிறதா என்று தாங்கள் பார்த்துச் சொல்லுங்கள். தொழுகையின் சிறப்பைப் பற்றி முதலில் ஒரு பத்தி எழுதியிருந்தார். மேலாளருக்குத் தேவைப்படும் செய்தி அதில் இல்லை என்பதால் எடுத்துவிடச் சொன்னேன். வரிக் கணக்கு சமர்ப்பிக்கும் 11, 20 ஆகிய தேதிகள் வெள்ளியில் வந்தால் வேலையைப் புதனுக்குள் முடிப்பேன் என்பதைச் சேர்த்தார். மேலாளர் அந்த வரிக்குக் கீழேதான் கோடிட்டாராம்.

எல்லா வேலையும் இப்படி முன்கூட்டி முடிக்கத் தக்கதன்று. லண்டனில் 1970களில் அஹ்மத் என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் வழக்கு இதைக் காட்டுகிறது. முன்பு அவர் பணியாற்றிய பள்ளிக்கூடங்கள் பள்ளிவாசலிலிருந்து தொலைவில் இருந்தன. அருகிலுள்ள ஒன்றுக்கு மாறியபின் ஜும்ஆவுக்குச் செல்லத் தொடங்கினார். மதிய வகுப்பில் முக்கால் மணி நேரம் தவறியது; அதே முக்கால் மணி நேரம்! அவ்வேளையில் அவருடைய வகுப்பைச் சக ஆசிரியர்கள் பார்க்க வேண்டியிருந்தது. வாரத்தில் நாலரை நாள் பணியை ஏற்குமாறு கல்வி அதிகார அமைப்பு கூறியது. அவர் விலகி வழக்குத் தொடுத்தார். 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூவரில் ஸ்கார்மன் பிரபு மட்டும் அவர் பக்கம் நின்றார். 1981இல் ஐரோப்பிய மனித உரிமை ஆணையமும் அவருடைய மனுவை ஏற்கவில்லை.

அந்தத் தீர்ப்பில் என் மனம் ஸ்கார்மன் பிரபுவின் பக்கமே சாய்கிறது. எனினும் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு ஒன்று புரிகிறது. ஏழு வயதுப் பிள்ளைகளின் வெள்ளி மதிய வகுப்பை வியாழன் மாலையில் நடத்த முடியாது. அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அங்கே ஈடு என்பது கால அட்டவணையில்தான் இருக்கிறது. கல்வியாண்டு தொடங்குமுன், அட்டவணை போடும் ஆசிரியரிடம் போய், வெள்ளியன்று உணவு இடைவேளையை ஒட்டிவரும் பாடவேளையைத் தமக்குக் காலியாக விட்டு, அதற்குப் பதிலாக வேறொரு நாளில் யாரும் விரும்பாத கடைசிப் பாடவேளையை எடுத்துக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் அட்டவணை ஒட்டியபின் கேட்டால், வேறு ஐந்து பேருடைய வகுப்பை மாற்ற வேண்டியிருக்கும்.

மருத்துவமனையில் தனியாக நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆண் செவிலியரும் என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் இடத்தில் வேறு ஆள் இல்லையெனில், நோயாளியைக் கவனிப்பது ஜும்ஆவை விடுவதற்கு ஏற்கப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவர் லுஹர் நான்கு ரக்அத் தொழுதுகொள்வார். அடுத்த மாதத்து ஷிஃப்ட் பட்டியல் எழுதப்படும் தேதி எது என்று கேட்டேன். 25ஆம் தேதி என்றார். 20ஆம் தேதிக்குள் தலைமைச் செவிலியரைப் பார்த்து, இரண்டு வெள்ளியாவது இரவு ஷிஃப்ட்டில் போடும்படி கேளுங்கள் என்றேன்.